‘டென்ஷன்ல வந்துட்டு’ என்பது மன்னிப்பு இல்லை

“டென்ஷன்ல வந்துட்டு, மனசுல வெச்சிக்காதீங்க.”

இந்த வசனத்தை மன்னிப்பு என்ற பெயரில் இனி யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதுதான் எங்கள் கட்சி. அனுப்பியவர்கள் நாங்கள்தான். அதனால் வேறு யாரையும் கூண்டில் ஏற்றாமல் எங்களையே ஏற்றி எழுதுகிறோம். எழுதும் முன் சம்பந்தப்பட்ட தங்கச்சியிடம் கேட்டோம். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம். பெயர் போடக் கூடாது என்றார், போடவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் அச்சிதழ் 64 பக்கம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் பீடிஎஃப் கொடுத்தால்தான் அச்சகம் அந்த வாரத்துக்குள் அடித்துத் தரும். புதன் இரவு அக்கரைப்பற்றில் ஒரு சின்ன அறையில் நான்கு பேர், மற்றவர்கள் வட்ஸ்அப்பில். பக்க வடிவமைப்பு முழுக்க ஒரே ஆளின் தலையில். இரண்டாம் வருடத் தங்கச்சி, வீட்டிலிருந்து தன் லெப்டொப்பில் செய்துகொண்டிருந்தார். 11.40க்கு அவர் அனுப்பிய பிரதியைத் திறந்தால், ஒரு கட்டுரையின் நான்கு பக்கங்களில் ஆங்கிலப் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் வாசிக்கவே முடியாத எழுத்துக் குப்பை. எங்களில் ஒருவர் குழுவில் குரல் பதிவு போட்டார்: “ஏலாட்டி முதலே சொல்லி இருக்கலாமே. மூணு நாளா என்னதான் செஞ்சீங்க?” இன்னும் இருந்தது. மொத்தம் 42 விநாடி. குழுவில் பதினொரு பேர். அந்தப் பதிவுக்குக் கீழே மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டு வாய் திறக்கவில்லை. குரல் ஒருவருடையது. கட்டைவிரலும் மௌனமும் எங்களுடையவை. ‘நாங்கள்’ என்று எழுதுவதற்கு எங்களுக்கு வேறு நியாயம் இல்லை.

அந்தக் குப்பை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மட பக்கத்தில் இன்னும் பாதிப் பேர் கட்டுரை தருவது பாமினியில்தான். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கணினி உள்ளே வைத்திருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. யுனிகோடுக்கு மாற்றும் கருவி `j` வந்தால் த, `k` வந்தால் ம என்று மாற்றிக்கொண்டு போகும். கட்டுரைக்கு நடுவில் உண்மையிலேயே ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது, அதையும் தமிழாக்கிக் குதறிவிடும். அதனால் ஆங்கிலச் சொற்களை முதலில் தனியாக வெட்டி எடுத்து வைத்து, மீதியை மாற்றி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, வெளியே யாருக்கும் தெரியாத வேலை. பதினான்கு கட்டுரைக்கும் தங்கச்சி இதைச் செய்திருந்தார், பிழை வந்த கட்டுரை உட்பட.

பிறகு என்ன நடந்தது என்பதைக் கோப்பின் நேரம் சொன்னது. அன்றிரவு 10.26க்கு அதே பெயரில் ஒரு புதுக் கோப்பு பொதுக் கோப்புறைக்குள் வந்திருக்கிறது. போட்டது எங்களில் ஒருவர், அந்தக் கட்டுரையை எழுதியவர். கடைசி நேரத்தில் இரண்டு பந்தி திருத்தத் தோன்றி, பழைய பாமினிப் பிரதியில் திருத்தி, முழுவதையும் அப்படியே கருவிக்குள் போட்டு மாற்றி, யாரிடமும் சொல்லாமல் மேலே ஏற்றிவிட்டார். குரல் பதிவு போட்டவரும் அவரேதான்.

இதை நாங்கள் கண்டுபிடித்தது வியாழன் மத்தியானம். ஆனால் முதல் ‘மன்னிப்பு’ புதன் இரவு 12.10க்கே போய்விட்டது. அரை மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. தொடக்கத்தில் இருக்கும் அந்த வசனம்தான், கூடவே கும்பிடும் கை ஒன்று. ஏன் அவ்வளவு அவசரமாக மன்னிப்புக் கேட்டோம்? நான்கு பக்கமும் இன்னும் திருந்தவில்லை. அவர் லெப்டொப்பை மூடிவிட்டால் எங்களுக்கு இதழ் இல்லை. நாங்கள் கேட்டது மன்னிப்பு இல்லை, பீடிஎஃப். அவருக்கு அது விளங்கியிருக்கிறது. “ம்” என்று பதில் போட்டுவிட்டு விடிய மூன்று மணி வரை இருந்து திருத்தி அனுப்பினார்.

இனி அந்த வசனத்துக்கு வருவோம். ‘டென்ஷன்ல’ என்ற முதற் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. அவசரம் மனிதரை மாற்றும் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 1973இல் டார்லி, பற்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மதகுருவாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓர் உரை நிகழ்த்த அனுப்பினார்கள். வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ‘பிந்திவிட்டது, ஓடுங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சிலருக்குக் கொடுக்கப்பட்டிருந்த தலைப்பே, வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. எனவே டெட்லைன் ஆளைக் குருடாக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

எங்கள் பிரச்சினை வேறு. அதே புதன் இரவு 11.15க்கு அச்சக முதலாளி எடுத்தார். அட்டைக்கான பேப்பர் வரவில்லை, வேறு பேப்பரில் அடிக்கட்டுமா என்று கேட்டார். எங்களுக்குத் தலை வெடித்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “பரவால்ல காக்கா, நீங்க பாத்து செய்ங்க.” தேன் மாதிரிக் குரல். இருபத்தைந்து நிமிடம் கழித்து அதே வாய், அதே டென்ஷனில், தங்கச்சியிடம் அப்படிப் பேசியது. டென்ஷன் வாயைத் திறந்தது உண்மையானால் முதலாளியிடமும் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. யாரிடம் திறந்தால் நட்டம் வராது என்று அந்த இரவிலும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வயதில் குறைந்தவர், திருப்பி ஏசமாட்டார், வேலையையும் விட்டுப் போகமாட்டார். ‘வந்துட்டு’ இல்லை. தெரிவு செய்து அனுப்பியிருக்கிறோம்.

‘காக்கா எண்ட உரிமையிலதானே ஏசினார், இதெல்லாம் பெரிசா’ என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். இந்த உரிமைக் கதையை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம், பயன்படுத்தியும் இருக்கிறோம். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது நம்மட ஊரில் அழகான விஷயம், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த உரிமை ஒருவழிப் பாதையாக இருக்கிறதே. தங்கச்சி என்ற உரிமையில் அவர் பதினொரு பேருக்கு முன்னால் “காக்கா, மூணு நாளா நீங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டிருந்தால் அதற்கு நாங்கள் என்ன பெயர் வைத்திருப்போம்?

அந்த வசனத்தின் இலக்கணத்தையும் பார்க்க வேண்டும். கலைப்பீடத்தில் தமிழ் படிப்பதற்கு ஒரு பயனாவது இருக்கட்டும். ‘உடைந்தது’ என்றால் பானை மட்டும் இருக்கும், ‘உடைத்தேன்’ என்றால் கையும் இருக்கும். மன்னிப்புக் கேட்கும்போது நம்மட ஆட்கள் எல்லாருக்கும் ‘உடைந்தது’ வகை வினைதான் வாயில் வரும். பிழை நடந்துட்டு. வாய் தவறிட்டு. வார்த்தை வந்துட்டு. யாரும் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்திருக்கிறது. அடுத்தது நிபந்தனை: ‘மனம் புண்பட்டிருந்தால்’. புண்பட்டதா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையையும் இது அடிபட்டவரிடமே கொடுத்துவிடுகிறது. மூன்றாவது ‘நாம்’. வியாழக்கிழமை எழுதிய இரண்டாவது வரைவில் “நாம் எல்லாரும் டென்ஷனில் இருந்தோம்” என்று ஒரு வரி இருந்தது. நல்ல மனத்தோடுதான் எழுதினோம். வாசித்துப் பார்த்தால், கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ‘நாம்’ அது. ஏசியவர்களையும் ஏச்சு வாங்கியவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துவிட்டது. அந்த இடத்தில் வரவேண்டியது ‘நாங்கள்’, அதாவது நீங்கள் இல்லாத நாங்கள். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது தவறானதை எடுத்தது எங்கள் வசதிக்காக.

இந்த வகை வசனத்தின் பெரிய பதிப்பை இந்த நாடு எங்களுக்குக் காட்டியிருக்கிறது. ஒரு இரவு ஏச்சையும் அதையும் ஒரே தராசில் வைக்கவில்லை, அது பாவம். ஆனால் வசன அமைப்பு ஒன்றுதான். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியும் விடவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளான சிசு ஒன்று எரிக்கப்பட்ட பிறகு, கொழும்பில் பொரளை மயானத்தின் கம்பி வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் விதி மாறியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை, அரசாங்கத்தின் பெயரில் மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. மன்னிப்பு வந்ததே பெரிது என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களோடு சண்டை பிடிக்க எங்களுக்கு வயசு போதாது. ஆனால் யார் அந்த ஆலோசனையைக் கொடுத்தார், யார் அதை ஏற்றார் என்ற எழுவாய் அதில் இல்லை. கொள்கை ஒன்று இருந்ததாம், அதனால் பாதிப்பு நடந்ததாம். அன்றைக்கு ‘யாரெண்டு சொல்லுங்க’ என்று முகநூலில் எழுதிய அதே நாங்கள்தான், எங்கள் முறை வந்தபோது ‘வந்துட்டு’ என்று எழுதினோம்.

அப்படியானால் ஒரு குறிப்பில் என்னதான் இருக்க வேண்டும்? இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2016இல் ரோய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் ஒரு மன்னிப்பை ஆறு துண்டாகப் பிரித்தார்கள்: வருத்தம், விளக்கம், பொறுப்பை ஏற்றல், இனிச் செய்யமாட்டேன் என்றல், ஈடு செய்ய முன்வருதல், மன்னிக்கும்படி கேட்டல். வெவ்வேறு துண்டுகள் சேர்ந்த மன்னிப்புகளை ஆட்களுக்குக் காட்டி எது எடுபடுகிறது என்று கேட்டார்கள். கூடுதல் மதிப்பு ‘இது என் பிழை’ என்று பொறுப்பை ஏற்பதற்கு. அடுத்தது ஈடு செய்ய முன்வருவதற்கு. கடைசியில் நின்றது ‘மன்னியுங்கள்’ என்று கேட்பது. அவர்கள் வைத்துப் பார்த்தது கற்பனைச் சம்பவங்களை, நேரில் அழுதுகொண்டிருந்த ஆட்களை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் முதல் வசனத்தை அந்த ஆறோடு வைத்துப் பாருங்கள். விளக்கம் ஒன்று, ‘மனசுல வெச்சிக்காதீங்க’ என்ற கேள்வி ஒன்று. எடுபடும் இரண்டும் இல்லை.

‘மனசுல வெச்சிக்காதீங்க’ பணிவுபோலத்தான் இருக்கிறது. உண்மையில் அது அடிபட்டவருக்குக் கொடுக்கும் இன்னொரு வேலை. நீங்கள் உங்கள் மனசைத் துப்புரவாக்குங்கள், நாங்கள் படுக்கப் போகிறோம். (ஹஜ்ஜுக்குப் போகுமுன் மூத்தவர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பொருத்தம் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எதிரில் உட்கார்ந்து, இன்ன காணிக் கதையில் உங்களோடு இப்படிப் பேசினேன் என்று சொல்லிக் கேட்பார்கள். இப்போது ‘தெரிந்தோ தெரியாமலோ’ என்று ஒரே செய்தி முந்நூறு பேருக்குப் போகிறது. தெரிந்து செய்தது எது என்று ஒருவருக்கும் சொல்லப்படுவதில்லை.)

எங்கே கேட்பது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். இரண்டாவது வரைவு அவருடைய இன்பொக்ஸுக்குப் போகத் தயாராக இருந்தது. ஒருவர் தடுத்தார்: ஏசினது சந்தியில, மன்னிப்புக் குசினியிலயா? நியாயம். பதினொரு பேர் காதில் ‘இவருக்கு ஏலாது’ என்று விழுந்திருக்கிறது. இன்பொக்ஸில் நாங்கள் எவ்வளவு உருகினாலும் அந்தப் பத்துப் பேரின் காதில் இருப்பது மாறாது. ஆனால் குழுவில் முழு மன்னிப்பையும் கொட்டினால் வேறு பிரச்சினை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் ‘பரவால்ல காக்கா’ என்று போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் அவர்தான் பொல்லாதவர். கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். குழுவில் விவரம் மட்டும்: எந்தக் கோப்பு, எத்தனை மணி, யார் போட்டது, பிழை யாருடையது. அவருக்குத் தனியே குறிப்பு.

நேரம் பற்றியும் ஒரு சொல். 2005இல் பிரான்ஸ், பெனிக்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சட்டென்று வரும் மன்னிப்பைவிடக் கொஞ்சம் பிந்தி வரும் மன்னிப்பு ஆட்களைக் கூடத் திருப்திப்படுத்துகிறது என்று கண்டார்கள். தாங்கள் சொல்வதை மற்றவர் கேட்டிருக்கிறார், விளங்கியிருக்கிறார் என்ற உணர்வு இடையில் வந்துவிடுவதுதான் காரணம். எங்கள் விஷயத்தில் அது சரி. வெள்ளிக்கிழமை எங்களில் இருவர் அவரோடு பேசினார்கள், பேசியதைவிடக் கேட்டது கூட. அப்போதுதான் தெரிந்தது, ஏச்சைவிட அவருக்கு வலித்தது அந்த மூன்று கட்டைவிரல். அது எங்கள் இரண்டு வரைவிலும் இல்லவே இல்லை. கேட்காமல் எழுதியிருந்தால் தப்பான கடனைக் கட்டியிருப்போம்.

சனிக்கிழமை போன குறிப்பு இது. அவருடைய அனுமதியோடு போடுகிறோம்.

“தங்கச்சி, புதன் இரவு 11.40க்குக் குழுவில் ‘ஏலாட்டி முதலே சொல்லி இருக்கலாமே, மூணு நாளா என்னதான் செஞ்சீங்க’ என்று பேசியது நான். அந்த நான்கு பக்கமும் பிழைத்தது என்னால். நீங்கள் சரியாக மாற்றி வைத்திருந்த கட்டுரைக்கு மேல் 10.26க்கு என் பிரதியைப் போட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. என்ன நடந்ததென்று பார்க்காமல் உங்களைக் குற்றம் சொன்னேன். பிழை உங்களுடையதாக இருந்திருந்தாலும் எல்லாருக்கும் முன்னால் அப்படிப் பேசியது பிழைதான். அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் போட்டது நாங்கள் மூன்று பேர். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது மற்ற ஆறு பேர். அதன் பிறகு விடிய மூன்று மணிக்கு நீங்கள் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோதும் எங்களில் யாரும் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிறோம்.

இனிமேல் கட்டுரைகள் அச்சுக்குப் பத்து நாள் முன்பு மூடப்படும். மூடிய பிறகு கோப்புறையில் கைவைக்கும் உரிமை வடிவமைப்பவருக்கு மட்டும். பாமினியில் தருகிறவர் ஆங்கிலச் சொற்களைத் தனிப் பட்டியலாகத் தரவேண்டும். வடிவமைப்பில் உங்களோடு இன்னொருவர் இருப்பார், நீங்கள் தொடர விரும்பினால். விரும்பாவிட்டால் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இதற்குப் பதிலும் தேவையில்லை.”

கீழே பத்துப் பேரின் பெயர். முதல் பந்திக்குக் கீழே ஒருவருடைய பெயர் மட்டும்.

இதில் டென்ஷன் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றாவது வரைவு வரை இருந்தது. எடுத்தவர் கேட்ட கேள்வி: அந்த டென்ஷனைச் செய்தது யார்? கட்டுரைக்குக் கடைசித் திகதி முதலாம் திகதி. எங்களில் ஐந்து பேர் தந்தது பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு. எசைன்மென்ட், காய்ச்சல், கரன்ட் இல்லை, எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் எழுதுபவர் பிந்தினால் திருத்துபவரின் நாள் குறைகிறது, திருத்துபவர் பிந்தினால் வடிவமைப்பவரின் நாள் குறைகிறது, அச்சகத்தின் நாள் மட்டும் நகர்வதில்லை. எல்லாருடைய சோம்பலும் கடைசி ஆளின் ஒரு இரவில் வந்து குவிகிறது. அந்தக் குவியலைச் சுமந்துகொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் நாங்கள் மூன்று நாளாக என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறோம். குறிப்பின் மூன்றாம் பந்தியை வெட்டிவிட்டால் மேலே உள்ள இரண்டு பந்தியும் அடுத்த இதழ் வரைக்கும்தான் தாங்கும்.

தங்கச்சி பதில் எழுதவில்லை. நான்கு நாள் கழித்துக் குழுவில் “37ஆம் பக்கத்தில இன்னும் ஒரு ற் விடுபட்டிருக்கு” என்று மட்டும் போட்டார். வடிவமைப்புக்குத் திரும்பவில்லை. இப்போது மெய்ப்புப் பார்க்கிறார். வடிவமைப்பை இரண்டு பேர் பழகுகிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் வெட்டி ஒட்டும் வேலையில் முதல் கட்டுரைக்கே இரண்டரை மணித்தியாலம் போனது.

அடுத்த இதழ் 20ஆம் திகதி மூடியது. 21ஆம் திகதி காலை ஒரு கட்டுரை வந்தது, “ஒரு நாள்தானே” என்ற குறிப்போடு. எழுதியவர் அந்தக் குரல் பதிவுக்காரர்தான். கட்டுரை நல்ல கட்டுரை. இந்த இதழில் இல்லை.